நல்ல பக்கத்து மூச்சு

எங்களை மயக்க டாக்டர் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. நான் செய்யும் வேலையில் பாதி, ஆளை மயக்காமல் காப்பாற்றுவது. இதை யாரிடம் சொன்னாலும் காதில் விழாது. நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போகும்போது கத்தி வைத்தவரைக் கும்பிடுவார்கள். என்னைப் பார்த்து, "நீங்க எந்த வார்டு நர்சும்மா?" என்று கேட்பார்கள். பழகிவிட்டது. ஆனால் கோபம் போகவில்லை.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கல்வராயன் மலையிலிருந்து எலும்பு முறிந்து வருகிறவர்கள் நிறைய. மரத்திலிருந்து விழுவார்கள், மொபெட்டிலிருந்து விழுவார்கள். அன்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியிலிருந்து விழுந்து ஒரே ஆம்புலன்ஸில் வந்தார்கள். சாமை மூட்டையை மொபெட்டில் முன்னால் வைத்து, மனைவியைப் பின்னால் உட்கார வைத்து மலையிறங்கியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவில் வண்டி சரிந்துவிட்டது. அவருக்கு வலது தோளில் மேல்கை எலும்பு நொறுங்கியிருந்தது. அந்த அம்மாவுக்கு இடது இடுப்பு.

ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போதே அந்த அம்மா திட்டிக்கொண்டிருந்தார்.

"பிரேக்க எங்க புடிக்கணும்னு கூடத் தெரியாத மனுஷன். வளவுல போயி யாருனா பிரேக்க புடிப்பாங்களா? மூட்ட சரிஞ்சிச்சி, நானும் சரிஞ்சேன். கேட்டா வாயத் தொறக்கறானா பாருங்க."

அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் வாயைத் திறப்பதே சாப்பிடத்தான் என்று பிறகு தெரிந்தது. பெயரைக் கேட்டாலும் மனைவி சொன்னார். வயதைக் கேட்டாலும் மனைவி சொன்னார், அதுவும் உத்தேசமாக.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆளை முழுசாகப் பார்ப்பது என் வேலை. கட்டிலருகே போனேன்.

"ஐயா, இதுக்கு முன்ன பெரிய வியாதி எதுனா வந்து மருந்து சாப்ட்டீங்களா?"

அவர் மனைவி படுத்திருந்த பக்கம் பார்த்தார். அந்த அம்மா பக்கத்துக் கட்டிலில் வலியோடு கிடந்தபடி, "ஒண்ணும் கெடையாதுங்க. இரும்பு மாரி இருப்பாரு," என்றார்.

இரும்பின் சட்டையை விலக்கினேன். இடது பக்கக் காறையெலும்புக்குக் கீழே கை வைத்தால் புதையும் அளவுக்குப் பள்ளம். மூச்சு இழுக்கும்போது வலது மார்பு எழும்பியது, இடது மார்பு சும்மா இருந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தேன். இடது நுரையீரல் சுருங்கி, வெள்ளையாக, பழைய துணியைச் சுருட்டி வைத்தது போல மூலையில் கிடந்தது. காசநோய் தின்றுவிட்டுப் போன நுரையீரல். நோய் எப்போதோ குணமாகியிருந்தது. அது விட்டுவைத்தது வலது பக்கத்தை மட்டும்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த எக்ஸ்ரேயை அந்த அம்மா முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது இன்னாம்மா? இரும்பா?"

அந்த அம்மா எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுத்துப் புருஷனைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது எப்பவோ வந்துச்சிங்க. மாத்திர எல்லாம் முழுசா சாப்ட்டு முடிச்சாரு. மலையில நர்சம்மா வூட்டுக்கே வந்து குடுத்தாங்க. இப்ப சொன்னா நீங்க வேற ஊருக்கு அனுப்பிடுவீங்க. என்ன இங்க போட்டுட்டு, அவர மட்டும் எங்கனா இட்டுக்கினு போயிடுவீங்க. அதான் சொல்லல."

பொய் சொல்லவும் ஒரு காரணம் வேண்டுமே, அது அவரிடம் இருந்தது. நான் எக்ஸ்ரேயைக் கீழே இறக்கினேன்.

அந்த அம்மா பயந்தபடியேதான் நடக்கப் பார்த்தது. எங்கள் எலும்பு டாக்டர் நல்ல மனிதர். கை சுத்தம், வேலை சுத்தம், பொறுமைதான் கம்மி. எக்ஸ்ரேயைப் பார்த்ததும், "மேடம், இவரப் புதுச்சேரிக்கு அனுப்பிடலாம். அம்மாவுக்கு மட்டும் இங்க பண்ணிடலாம்," என்றார்.

"எதுக்கு?"

"முழு மயக்கம் குடுத்தா இந்த நுரையீரலோட குழாய எடுக்க முடியாம போயிடும். அப்பறம் வென்டிலேட்டர்லயே கெடப்பாரு."

அது சரிதான். முழு மயக்கம் கொடுத்தால் தசைகளைத் தளர்த்தி, தொண்டையில் குழாய் வைத்து, இயந்திரம்தான் மூச்சு விட வைக்க வேண்டும். நல்ல நுரையீரல் உள்ளவர்கள் முடிந்ததும் எழுந்து இருமிச் சளியைத் துப்பிவிடுவார்கள். ஒரு நுரையீரலோடு இருக்கிறவர் அப்படி எழுந்து வருவார் என்று உத்தரவாதம் கிடையாது.

"அப்ப கழுத்துல ஒரு ஊசி போடுங்க. போன வாரம் அந்தப் பையனுக்குப் போட்டீங்களே. ஒரே ஊசி, தோள் மொத்தமும் செத்துப் போச்சி," என்றார்.

இங்கேதான் எனக்கு மூக்கு விடைத்தது. கழுத்தில் போடுவது நல்ல ஊசிதான். கழுத்தின் பக்கத்தில் இரண்டு தசைகளுக்கு நடுவில், தோளுக்குப் போகும் நரம்பு வேர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வருகின்றன. ஸ்கேன் கருவியில் பார்த்தால் கறுப்பு மணிகளைக் கோத்துத் தொங்கவிட்டது போல இருக்கும். அங்கே மரத்துப்போகும் மருந்தை விட்டால் தோளுக்கு முழு மயக்கமே தேவையில்லை. ஆள் விழித்திருக்கலாம், வாந்தி இருக்காது, மறுநாள் வரை வலியும் தெரியாது. ஆனால் அதே தசையின் முன்னால், ஒரு விரல் அகலம்கூட இடைவெளி இல்லாமல், இன்னொரு நரம்பு இறங்குகிறது. அது உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை மாதிரி விரிந்து, நாம் மூச்சு இழுக்கும்போது கீழே இறங்குகிற தசைதான் உதரவிதானம். கழுத்தில் விட்ட மருந்து அந்த நரம்புக்கும் கசிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பக்கத்துக் குடை சில மணி நேரம் அசையாமல் கிடக்கும். சிலருக்குக் கண்ணிமை தொங்கும், குரல் கம்மும். நல்ல உடம்புக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, மற்ற பக்கம் தாங்கிக்கொள்ளும்.

"இவருக்கு மத்த பக்கம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். "உடைஞ்சது வலது தோள். வேல செய்யறது வலது நுரையீரல் மட்டும். வலது கழுத்துல ஊசி போட்டு அந்தக் குடையும் படுத்துடுச்சின்னா, இவரு எதால மூச்சு உடுவாரு? உங்களாலயா, என்னாலயா?"

அவர் எக்ஸ்ரேயை மறுபடியும் தூக்கிப் பார்த்தார். நான் தொடர்ந்தேன். இவரைப் புதுச்சேரிக்கு அனுப்பினாலும் அங்கேயும் இதே கேள்விதான். இதற்கு வேறு வழி இருக்கிறது, எனக்குச் செய்யத் தெரியும், இங்கேயே செய்யலாம் என்றேன். "கழுத்த உட்டுத் தள்ளிப் போயி, நரம்பு ஒவ்வொண்ணையும் தனித்தனியா புடிக்கறேன். நேரம் ஜாஸ்தி ஆகும். நீங்க அவசரப்படக் கூடாது."

"நான் எப்ப மேடம் அவசரப்பட்டேன்?" என்றார் அவர்.

கணவன் மனைவி இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். முழு மயக்கத்தில் என்ன ஆபத்து, என் வழியில் என்ன ஆபத்து, சரியாகப் பிடிக்காவிட்டால் பாதியில் குழாய் போட வேண்டி வரலாம் என்பது எல்லாம். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"ரெண்டு பேரும் இங்கியே இருப்போமா?"

"இருப்பீங்க."

"அப்ப போடுங்க."

"ஐயா, நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அந்த அம்மாவுக்கு வைக்க வேண்டிய கம்பி சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. அதனால் புருஷனின் தோளை முதலில் எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்த அம்மாவின் வலியை அதுவரை காத்திருக்க வைக்க எனக்கு மனசில்லை. இடுப்பு உடைந்தவரை ட்ராலியில் மாற்றும்போது போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருக்கும் அறையில் வைத்து, தொடையும் வயிறும் சேரும் மடிப்புக்குக் கொஞ்சம் மேலே ஸ்கேன் கருவியை வைத்தேன். இடுப்பு மூட்டின் வலியை எடுத்துப்போகும் நரம்புக் கிளைகள் பெரும்பாலும் அதன் முன்பக்கமாகத்தான் வருகின்றன. இடுப்பெலும்பின் மேட்டுக்கும், அதன் மேல் ஓடும் பெரிய தசையின் நாணுக்கும் நடுவில் அவை ஊர்ந்து வரும். அங்கே, எலும்பை ஒட்டி மருந்தை விட்டால் மூட்டு வலி அடங்கும். தொடையின் பலம் பெரும்பாலும் போகாது. இதை வைத்து ஆபரேஷன் செய்ய முடியாது, அதற்கு முதுகில் ஊசி போட வேண்டும். ஆனால் முதுகில் போட ஆளை உட்கார வைக்கவோ புரட்டவோ வேண்டுமே. அதற்கு இந்த ஊசி.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவின் காலை மெல்ல அசைத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வலி வரவில்லை. கண்ணைத் திறந்து என்னை முறைத்தார்.

"இத நேத்தே போட்டிருக்கலாம்ல?"

போட்டிருக்கலாம்தான். எனக்கு அந்த அம்மாவை அப்போதுதான் ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகு புருஷனைத் தியேட்டருக்குள் கொண்டுபோனோம். முதலில் வலது விலா எலும்புகளுக்குக் கீழே ஸ்கேன் வைத்து, "மூக்க உறிஞ்சுங்க," என்றேன். உறிஞ்சினார். குடை சட்டென்று கீழே இறங்கியதைத் திரையில் பார்த்தேன். நல்ல குடை. அதைப் படுக்க விடக் கூடாது.

பிறகு ஒவ்வொன்றாக. தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. தோள் மூட்டின் பின்பக்கத்துக்குப் போகிற நரம்பு அதன் வழியாகத்தான் போகும். அங்கே ஒரு ஊசி. அடுத்தது காறையெலும்புக்குக் கீழே, கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றி நரம்புக் கற்றைகள் இருக்கும் இடத்தில். தோளின் முன்பக்கத்துக்கும் மேல் தசைக்கும் போகிற நரம்பு அந்தக் கற்றையிலிருந்துதான் பிரிகிறது. அங்கே ஊசி முனை தவறினால் குத்துவது நுரையீரலை, அதுவும் இருக்கிற ஒரே நுரையீரலை. ஊசியின் நுனி திரையில் தெரியாமல் அரை மில்லிமீட்டர்கூட நகர்த்தவில்லை. மூன்றாவது, காறையெலும்பின் மேல் தோலுக்கு வரும் நரம்புகளுக்குக் கொஞ்சம் மருந்து. அதுவும் தோலுக்கு அடியிலேயே, ஆழம் போகாமல். அக்குள் பக்கம் இந்த மூன்றுக்கும் அடங்காது. அங்கே கத்தி வைப்பதற்கு முன் நீங்களே தோலில் மருந்து போடுங்கள் என்று எலும்பு டாக்டரிடம் சொல்லிவைத்தேன்.

இத்தனை இடத்தில் போடுவதில் இன்னொரு வம்பும் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம்தான், ஆனால் மொத்தமாகச் சேர்ந்தால் ரத்தத்தில் ஏறி வலிப்பு வரும், இதயமும் நிற்கும். அதனால் மொத்த அளவை முதலிலேயே அவர் எடைக்குக் கணக்குப் போட்டு, அதைத்தான் பிரித்துக்கொண்டேன். அந்த விஷத்தை முறிக்கும் கொழுப்பு மருந்து பாட்டிலும் எட்டும் தூரத்தில் இருந்தது.

"வாய்ல இரும்பு நக்கின மாரி ருசி வருதா? காதுல ங்கொய்னு சத்தம் கேக்குதா? ஒதடு மரத்துப் போவுதா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"தலையாட்டக் கூடாது. வாயத் தொறந்து சொல்லுங்க."

"இல்ல."

அதுதான் பிரச்சினை. விழித்திருக்கும் ஆளின் மூச்சைப் பார்க்க எனக்கு இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் அதைவிட நல்லது அவர் பேச்சு. மூச்சு திணற ஆரம்பித்தால் முதலில் வாக்கியம் உடையும், பிறகு வார்த்தை உடையும், அதற்கப்புறம்தான் மானிட்டர் திரையில் ஆக்ஸிஜன் எண் இறங்கும். தூக்க மருந்து கொடுத்தால் மூச்சு கம்மியாகும், அதனால் அதையும் நான் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டியது பேசுகிற ஆள். வந்திருப்பது ஊமைச்சாமி.

பயிர் என்ன என்று கேட்டேன். "சாமை." எவ்வளவு என்று கேட்டேன். "கொஞ்சம்." பிள்ளைகள்? "இருக்காங்க." போலீஸ் விசாரணைகூட இதைவிட நன்றாகப் போகும்.

அப்போதுதான் வெளியே இருந்து அந்த அம்மா நர்சைத் திட்டும் சத்தம் கேட்டது. எனக்கு வழி தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து வைக்க முடியாது, எலும்பில் தகடு வைக்கும்போது காற்றுகூடச் சுத்தமாக இருக்க வேண்டும். என் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நர்சின் போனுக்கு அடித்து, ஸ்பீக்கரில் வைத்து, துணித் திரைக்கு என் பக்கத்தில் அவர் தலைமாட்டில் வைத்தேன்.

"அம்மா, இவர பேச வையுங்க. பேசிக்கினே இருக்கணும்."

"எவர? இவரயா?" என்று போனிலிருந்து சிரிப்பு வந்தது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதத்தான் பாக்கறேன், முடியல."

அவர் போனைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு தியேட்டரே அதிர, "ஏ புள்ள! கேக்குதா?" என்று கத்தினார். எலும்பு டாக்டர் கையிலிருந்த கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெதுவா பேசுங்க ஐயா, அதுலயே கேக்கும்," என்றேன்.

"நான் இவகூட போன்ல பேசினதே கெடையாதுங்க."

"ஏன்?"

"எப்பவும் கூடவேதான இருக்கா."

அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. மூச்சு உடையாமல் வந்தது.

கத்தி வைத்தார்கள். "வலிக்குதா?" "இல்ல. எவனோ இஸ்துக்கினு இருக்கான்." இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது, அதுதான் வேண்டும். துளை போடும் சத்தம் வந்தது. போனில் அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"அது இன்னாய்யா சத்தம்? தச்சன் வேல செய்றானா? நல்லா ஆணி அடிக்கச் சொல்லு. இனிமே அந்தக் கையாலயாச்சும் பிரேக்க ஒழுங்கா புடி."

"புடிக்கறேன்."

"வளவுல புடிச்சியே, இன்னாத்துக்குப் புடிச்ச?"

பதில் இல்லை.

"ஆட்டுக்குட்டி வந்துச்சா? கல்லு இருந்துச்சா? ஒண்ணும் இல்ல. ரோடு காலியாதான் இருந்துச்சி."

பதில் இல்லை. நான் திரையைப் பார்த்தேன். எண் நன்றாக இருந்தது. ஆனால் எண் கடைசியில்தான் இறங்கும். மருந்து இத்தனை நேரம் கழித்துக்கூடக் கசியலாம். குனிந்து துணிக்கு அடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, மூச்சு முட்டுதா?"

பதில் இல்லை.

"ஐயா! பேசுங்க! மூச்சு வாங்குதா?"

"மேடம், இன்னா ஆச்சு?" என்று எலும்பு டாக்டர் துணித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். குழாய் வைக்கும் கருவியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, விலாவுக்குக் கீழே ஸ்கேனை அழுத்தினேன். "மூக்க உறிஞ்சுங்க!"

உறிஞ்சினார். குடை சட்டென்று இறங்கியது, காலையில் பார்த்த அதே மாதிரி.

"அப்பறம் ஏன்யா பேச மாட்டேன்ற?" என்று கத்திவிட்டேன். மரியாதை எல்லாம் போய்விட்டது.

"கோவம்," என்றார்.

எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. ஆபரேஷன் மேஜையில், திறந்த தோளோடு, ஒரே நுரையீரலோடு, பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். எலும்பு டாக்டர் முகமூடிக்குள் சிரிப்பது எனக்குக் கேட்டது.

"இங்க பாருங்க. நீங்க வூட்டுக்குப் போயி எவ்ளோ நாள் வேணாலும் கோவிச்சிக்கினு இருங்க. இங்க எனக்கு மூச்சு கேட்டாகணும். அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஏன் பிரேக் புடிச்சீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். அறுப்பு முடிந்து, வண்டி விழுந்த அன்று காலையில்தான் மூட்டை கட்டினார்களாம். அவள் முந்தின நாள் முழுக்கக் குனிந்தே நின்றவளாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பின்னால உக்காந்துக்கினு தூங்கறா. எதுனா சொன்னா கேக்கவா போறா, தூங்கலன்னுதான் சொல்லுவா. தல இப்பிடி சாயுது, அப்பிடி சாயுது. எங்க உழுந்துடுவாளோன்னு கண்ணாடியத் திருப்பி வச்சி அவளயே பாத்துக்கினு வந்தேன். ரோட்ட பாக்கல. நிமிந்தா வளவு. புடிச்சேன்."

போனில் சத்தமே இல்லை. நான் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"ஹலோ? அம்மா? ஹலோ?"

நர்சின் குரல் வந்தது. "கட்டாகல மேடம். இருக்காங்க. முந்தானைய வாய்ல வச்சிக்கினு இருக்காங்க."

ஆள் மாற்றி ஆள் இன்று வாயை மூடப் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் மானிட்டரின் ஏதோ ஒரு பட்டனைத் தேவையில்லாமல் அழுத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து போன் பேசியது. "நான் ஒண்ணும் தூங்கல."

"தூங்கின," என்றார் அவர்.

"கண்ண மூடிக்கினு இருந்தேன்."

"கொறட்ட உட்ட."

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. தகடு வைத்து, திருகு முடுக்கி, தைத்து முடிக்கும் வரை இரண்டு பேரும் குறட்டை விட்டாளா இல்லையா என்று சண்டை போட்டார்கள். எனக்கு அதுபோல ஒரு மானிட்டரை எந்தக் கம்பெனியும் செய்து தரவில்லை.

மதியம் கம்பி வந்தது. அந்த அம்மாவை உட்கார வைத்து முதுகில் ஊசி போட்டேன். காலையில் போட்ட ஊசியால் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார். முதுகை வளைக்கச் சொன்னால், "காலம் முழுக்க வளைச்சதுதான்," என்றார். அவர் இடுப்பு எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. தொல்லையெல்லாம் பிறகு வந்தது, அதுவும் கட்டிலில் கிடந்தவர்களிடமிருந்து அல்ல.

சாயங்காலம் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். நான் போய் நின்று சொன்னதால்தான் அது நடந்தது. பார்த்துக்கொள்ளப் புருஷனின் தங்கை மலையிலிருந்து வந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தபோது அறை முழுக்க விளக்கெண்ணெய் வாசம். தங்கை கீழே டீக்கடை அடுப்பில் எருக்கிலையை வாட்டி, எண்ணெய் தடவி, தட்டில் எடுத்துவந்து அண்ணனின் முன்கையில் வைக்கப் போனார். இலையிலிருந்து ஆவி பறந்தது.

"ஏய்! எடு அத!"

நான் கத்தியதில் தட்டே கீழே விழுந்தது.

"கை செத்துப் போச்சிங்க டாக்டரம்மா," என்று தங்கை அழ ஆரம்பித்தார். "கிள்ளிப் பாத்தேன், தெரியலன்றாரு. தூக்கச் சொன்னா தொப்புனு உழுது. எங்க ஊர்ல கை கால் மரத்துப் போச்சின்னா சூட்டோட இல தான் வைப்போம். ரத்தம் ஓடுனா உசுரு வந்துடும்."

மலையில் அது சரியான வைத்தியமாக இருக்கலாம். ஆனால் அங்கே மரத்த கைக்குச் சூடு பட்டால் ஆள் அய்யோ என்பான், கையை எடுத்துக்கொள்வான். இந்தக் கை அய்யோ என்காது. நான் அதன் வாயைக் கட்டிவைத்திருக்கிறேன். தோல் வெந்து கொப்புளம் போட்டாலும் அவர் படுத்துக்கொண்டு குறட்டைக் கதைதான் பேசிக்கொண்டிருப்பார். இதைத் தங்கைக்குச் சொன்னேன். கை செத்துப்போகவில்லை, நான்தான் தூங்க வைத்திருக்கிறேன், நாளைக்கு எழுந்துகொள்ளும். அதுவரை சூடும் கூடாது, ஐஸும் கூடாது, கை தொங்கவும் கூடாது என்றேன். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையைப் பொறுக்கினார்.

"அப்ப இத இன்னா பண்றது?"

"ஒங்க அண்ணன் வாய்ல வையி," என்றார் பக்கத்துக் கட்டிலிலிருந்து அண்ணி. "காலைலேர்ந்து ஓயல."

மருந்தின் வேகம் இறங்கும்போது வலி ஒரேயடியாக வரும் என்று எல்லோரிடமும் சொல்வேன், வலி வருவதற்கு முன்னாலேயே மாத்திரை போட வேண்டும் என்பேன். யாரும் கேட்பதில்லை, வலிக்காதபோது எதற்கு மாத்திரை என்பார்கள். அவரும் அப்படித்தான் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். விடிந்து நான் போனபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் விரல்கள் அசைந்தன. கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை மடக்கச் சொல்லிப் பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன். எந்த நரம்பும் அடிபடவில்லை. வலது மார்பில் காது வைத்துக் கேட்டேன். காற்று நன்றாகப் போய் வந்தது.

"நேத்து சொன்னாங்கல்ல? மாத்திரய முழுங்குய்யா," என்றார் மனைவி. கை எட்டாததால் ஒரு ஆரஞ்சுப் பழத்தை அவர் மீது எறிந்தார்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். பிறகு எலும்பு டாக்டரிடம் காட்ட பஸ்ஸில் வந்தார்கள். அந்த அம்மா வாக்கர் வைத்து நடந்தார். அவர் கை தோளுக்கு மேல் முழுசாகப் போகவில்லை, இன்னும் பயிற்சி வேண்டும். ஆனால் மூட்டையில்லாமல் மொபெட் ஓட்டலாமா என்று கேட்க வாய் மட்டும் தானாகவே திறந்தது. கண்ணாடியை ரோட்டுக்குத் திருப்பி வைத்தால் ஓட்டலாம் என்றேன்.

எலும்பு டாக்டரைக் கும்பிட்டுவிட்டு இரண்டு பேரும் என் அறைக்கு வந்தார்கள். என்னை நர்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பையில் சாமை கொண்டுவந்திருந்தார்கள். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் புகாரை ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, நீங்க ஊசி போட்டதெல்லாம் சரி. ஆனா அந்த போன காட்னீங்க பாருங்க, அது தப்பு."

"ஏன், இன்னா ஆச்சு?"

"புதுசா ஒரு போனு வாங்கிக்கினாரு. எங்க சாமக் கொல்லைக்கும் வூட்டுக்கும் கூப்ட்டா கேக்கற தூரம்தான். அங்க டவர் கெடைக்காதுன்னு பாற மேல ஏறி நின்னு வூட்ல இருக்கற எனக்குப் போன் பண்றாரு."

"எதுக்காம்?"

"அதத்தான் நானும் கேட்டேன். ஒண்ணுமில்ல, மூச்சு உட்டுக்கினு இருக்கேன்னு சொல்லத்தான்றாரு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.